சுருதியை ஏத்திட்டேன், அப்பவும் 'சார்'ங்கறாங்க

கேள்வி: வணக்கங்க மேடம். எனக்கு 27 வயசு, திருநங்கை. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் செக்‌ஷன்ல வேலை. ரெண்டு வருசமா டாக்டர்கிட்டக் காட்டி ஹார்மோன் எடுக்கறேன். உடம்பு மாறுது, முகம் மாறுது, குரல் மட்டும் அப்படியே இருக்குதுங்க. வீடியோ பாத்து அஞ்சு மாசமா நானே கீச்சுக் குரல்ல பேசிப் பழகிட்டு இருக்கேன். சாயந்தரமானா தொண்டை வலிக்குது, கம்மிப் போயிடுது. இத்தனை பண்ணியும் போன்ல பேசுனா 'சொல்லுங்க சார்'ங்கறாங்க. மாத்திரையைக் கூட்டுனா மாறுமுங்களா? ஆபரேசன் பண்ணிக்கலாமுங்களா? ஒரு மாசத்துல மாத்தறதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?

பெயர் வெளியிட வேண்டாம், திருப்பூர்

பதில்: அம்மணி, முதலில் அந்தக் கீச்சுக் குரலை இன்றோடு நிறுத்துங்கள். பழைய குரலுக்குத் திரும்பச் சொல்கிறேனே என்று கோபம் வரும். பேசாமல் இருக்க முடிகிற இடத்தில் பேசாமல் இருங்கள், வாட்ஸப்பில் முடிகிற விஷயத்தை அதிலேயே முடியுங்கள். ஆனால் வலிக்கிற தொண்டையை வைத்துக்கொண்டு எந்தப் பயிற்சியும் தொடங்க முடியாது. குரல் கம்மல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான விதி. உங்களுக்கோ மாதக்கணக்கில் இருக்கிறது. சின்ன கேமராவை மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ விட்டுக் குரல் நாண்களைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலைதான். நாண்களில் வீக்கமோ சின்ன முடிச்சோ இருந்தால் முதலில் அதற்குத்தான் வைத்தியம், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

மாத்திரையைக் கூட்ட வேண்டாம். கூட்டினாலும் குரல் மாறாது. பன்னிரண்டு, பதிமூன்று வயதில் டெஸ்டோஸ்டிரான் சுரக்கத் தொடங்கியபோது உங்கள் குரல்வளையின் குருத்தெலும்பு பெரிதானது, கழுத்தில் சற்றுக் கீழே இறங்கியது, நாண்கள் நீண்டு தடித்தன. வளர்ந்த எலும்பு எப்படிச் சுருங்காதோ அப்படி இதுவும் திரும்பிச் சுருங்காது. ஈஸ்ட்ரஜன் தோலை மாற்றும், கொழுப்பு சேரும் இடத்தை மாற்றும். நாண்களின் நீளத்தில் அதற்கு வேலை இல்லை. அளவுக்கு மேல் ஹார்மோன் போட்டால் ரத்தம் உறைகிற ஆபத்துதான் கூடும். ஆகவே உங்கள் குரல் மாறாததற்கு மருந்தின் மேலோ உங்கள் மேலோ குறை இல்லை. குரல் மாறுவது பழக்கத்தால்தான். பழக்கம் ஒரு மாதத்தில் வராது.

இப்போது 'சார்' விஷயம். நீங்கள் ஏற்றியது சுருதியை. எதிரே கேட்கிறவர் ஆணா பெண்ணா என்று முடிவு கட்டுவது சுருதியை மட்டும் வைத்து இல்லை. சந்தையில் கட்டைக் குரலில் கத்தரிக்காய் விலை சொல்கிற அப்பத்தாக்களைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் குரல் பல ஆண்களுடையதைவிடத் தாழ்வாகக்கூட இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யாரும் அவரை ஐயா என்று கூப்பிட மாட்டார்கள். ஏன் என்று யோசித்தால் உங்கள் பயிற்சி எங்கே தடம் மாறியது என்பது தெரிந்துவிடும்.

சுருதிக்கு ஓர் அளவு சொல்கிறேன். ஆண்கள் சாதாரணமாகப் பேசும்போது நாண்கள் நொடிக்கு 100 முதல் 130 தடவை அதிரும், அதாவது 100 முதல் 130 ஹெர்ட்ஸ். பெண்களுக்கு ஏறத்தாழ 180 முதல் 220. நடுவில் 145 முதல் 175 வரை இரு பாலுக்கும் பொதுவான பகுதி. கர்னாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது கட்டைக் கணக்கில் எளிதாகப் புரியும். 1 கட்டை சுமார் 131 ஹெர்ட்ஸ், 3 கட்டை 165, 4 கட்டை 175, 5 கட்டை 196. பாடுகிற ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் இருப்பதும் பெண்கள் ஐந்து, ஐந்தரையில் இருப்பதும் இதனால்தான். போனில் ஒரு சுருதிப்பெட்டி ஆப் போட்டுக்கொண்டால் 3 கட்டை எவ்வளவு உயரம் என்று காதாலேயே பிடித்துவிடலாம். உங்களுக்கு நான் வைக்கிற இலக்கு 3 முதல் 4 கட்டை, அதாவது 165 முதல் 175. நீங்கள் இப்போது பேசுகிற கீச்சுக் குரல் அநேகமாக அதைவிடவும் மேலே இருக்கும். ஆமாம், சுருதியைக் குறைக்கத்தான் சொல்கிறேன்.

கீச்சுக் குரலில் நாண்கள் முழுதாக ஒட்டாமல் ஓரத்தில் மட்டும் அதிர்கின்றன. காற்று வீணாகிறது, சத்தம் வராது, சத்தம் வரவழைக்கக் கழுத்துத் தசையை இறுக்குகிறீர்கள், சாயந்தரம் வலிக்கிறது. கேட்கிறவர் காதிலோ அது 'ஓர் ஆள் மேல்குரலில் பேசுகிறார்' என்றுதான் விழும். ஏனென்றால் குரல் எந்த அறைக்குள் முழங்கி வருகிறது என்பதையும் காது சேர்த்தே அளக்கிறது. நாண்களுக்கு மேலே, தொண்டை, வாய் என்று உதடு வரைக்கும் ஒரு குழாய் இருக்கிறது. ஆண்களுக்கு அது சுமார் 17 சென்டிமீட்டர் நீளம், பெண்களுக்கு 14, 15. குழாயில் குடம் நிறைகிற சத்தத்தை நினைத்துப் பாருங்கள். விழுகிற தண்ணீர் ஒன்றேதான், குடத்துக்குள் காற்று இருக்கும் இடம் குறையக் குறைய சத்தம் மெலிந்து மேலே ஏறுகிறது. பார்க்காமலேயே குடம் நிறையப்போகிறது என்று சொல்லிவிடுவோம். குரலிலும் காது அதையேதான் செய்கிறது. இதைத்தான் ரெசனன்ஸ் என்கிறோம். நீங்கள் ஐந்து மாதமாகத் தொடாமல் விட்டது இது.

நல்ல சேதி என்னவென்றால், அந்தக் குழாயைக் கொஞ்சம் சுருக்க முடியும். குரல்வளை மேலும் கீழும் நகரக்கூடியது, நாக்கு முன்னும் பின்னும் போகக்கூடியது, உதடு விரியவும் குவியவும் கூடியது. மூன்றும் சேர்ந்தால் ஓரிரு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். காதுக்கு அது பெரிய வித்தியாசம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சத்தம் வராமல், வெறும் காற்றில் கிசுகிசுப்பாக 'ஈ' என்று சொல்லுங்கள். அடுத்து அதே காற்றில் 'ஊ'. நாண்கள் அதிரவே இல்லை, சுருதி என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனாலும் 'ஈ' மெலிந்தும் 'ஊ' தடித்தும் கேட்கும். 'ஈ'க்கு நாக்கு முன்னால் வந்து உதடு விரிகிறது, 'ஊ'வுக்கு நாக்கு பின்வாங்கி உதடு குவிந்து குழாய் நீள்கிறது. உங்கள் கையில் இருக்கிற கருவி இதுதான்.

சரி, பயிற்சிக்கு வருவோம். டாக்டர் பார்த்துப் பரவாயில்லை என்று சொன்ன பிறகு தொடங்குங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம், இரண்டு வேளை போதும். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்தால் தசை களைத்து, களைத்த தசை பழைய இறுக்கத்துக்கே போகும்.

தொடக்கம் எப்போதும் ஸ்ட்ராவில். ஒரு டம்ளரில் பாதி தண்ணீர், ஜூஸ் கடை ஸ்ட்ரா ஒன்று. ஸ்ட்ராவின் நுனி தண்ணீருக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் முங்கட்டும். உதட்டால் ஸ்ட்ராவை மூடிக்கொண்டு, 'ஊ' என்று குரல் கொடுத்தபடி ஊதுங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். வந்ததும் குரலைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கி விடுங்கள். வாயின் முனை பாதி மூடியிருப்பதால் உள்ளே ஓர் எதிர் அழுத்தம் உண்டாகி, நாண்கள் ஒன்றை ஒன்று பலமாக மோதாமல் மெத்தென்று அதிரும். குரல் பயிற்சி கொடுக்கிற நாங்கள், குரல் கம்மிய வாத்தியார்களுக்கும் பாட்டுக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுப்பது இதையேதான். மூன்று நான்கு நிமிடம். குமிழி விட்டு விட்டு வந்தால் கழுத்தை இறுக்குகிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது குரல்வளை. தொண்டை மேட்டின் மேல் விரலை மெல்ல வைத்து எச்சில் விழுங்குங்கள், அது ஏறி இறங்கும். கொட்டாவி விட்டால் நன்றாகக் கீழே போகும். இந்த இரண்டுக்கும் நடுவில், சாதாரண நிலையைவிடச் சற்று மேலே ஓர் இடம் வேண்டும். விழுங்கும்போது போகிற உச்சிக்குப் போகக் கூடாது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கிசுகிசுப்பே உதவும். பெரிய நாய் இரைப்பதுபோல் 'ஹா ஹா' என்று காற்றுவிட்டு, அப்புறம் குட்டி நாய் இரைப்பதுபோல் விடுங்கள். குட்டி நாய்க்கு மாறும்போது விரலடியில் குரல்வளை ஏறுவது தெரியும். அந்தக் குட்டி நிலையிலேயே நின்று, மெல்ல 'ஹீ' என்று குரலைச் சேருங்கள். முதலில் சேராது. குரல் வந்த நொடியில் குரல்வளை பழைய இடத்துக்கு விழுந்துவிடும். பல பேருக்கு இந்த ஒரு படி பிடிபடவே மூன்று நான்கு வாரம் ஆகும். கிசுகிசுப்பை ஒரு நிமிடத்துக்கு மேல் நீட்ட வேண்டாம், தொண்டை வறண்டுவிடும்.

அளவுக்கு மீறி ஏற்றினால் எப்படித் தெரியும்? குரல் பொம்மைக் குரலாகிவிடும். இன்னொரு சோதனை, கட்டை விரலைத் தாடைக்கு அடியில், நடுவில் இருக்கும் மெத்தென்ற இடத்தில் அழுத்திக்கொண்டு பேசுங்கள். அந்த இடம் கல்லாக இறுகினால் நாக்கின் அடிவேரை வைத்துத் தள்ளுகிறீர்கள். நிறுத்தி, ஸ்ட்ராவுக்குத் திரும்புங்கள்.

மூன்றாவதுக்கு நம் ஊர்ப் பேச்சே கை கொடுக்கிறது. 'ஏனுங்', 'சரீங்', 'இல்லீங்' என்று முடிக்கும்போது கடைசி 'ங்' மூக்கில் போய் நிற்கிறதல்லவா, அந்த மூக்கொலியைத்தான் உலகமெங்கும் குரல் பயிற்சியில் பயன்படுத்துகிறார்கள். நமக்குக் காசில்லாமல் கிடைத்திருக்கிறது. 'சரீங்ங்ங்' என்று நான்கைந்து நொடி நீட்டுங்கள். மூக்குப் பக்கமும் மேல் பல்வரிசையிலும் ஒரு ரீங்காரம் உணர வேண்டும். ஒரு கையை நெஞ்சில் வையுங்கள், அங்கே அதிர்வு குறைவாக இருக்கட்டும். அந்த ரீங்காரத்தை விடாமல் 'ங்ங்ங்ஈ', 'ங்ங்ங்ஏ' என்று வாயைத் திறவுங்கள். திறந்த பிறகும் ரீங்காரம் முன்பல் பக்கமே நின்றால் சரி. பின்தொண்டைக்கு ஓடிவிட்டால் மறுபடி 'ங்'.

இது வந்ததும் சொற்கள். எதை முதலில் எடுப்பது என்பதில் தமிழுக்கென்று ஒரு வரிசை இருக்கிறது, வெளிநாட்டு வீடியோக்கள் இதைச் சொல்லாது. இ, ஈ, எ, ஏ வருகிற சொற்கள், கூடவே ந, ம, ச, த போல முன்வாயில் பிறக்கிற எழுத்துகள் எளிது. நீ, மீன், சீனி, நேத்து, இன்னிக்கி, சேலை. உ, ஊ, ஒ, ஓ உதட்டைக் குவித்து அறையை நீட்டிவிடும். ட, ண, ள, ழ நாக்கை மடித்துப் பின்னால் இழுக்கும். கோழி, ஊடு, தோட்டம், ஒட்டுக்கா என்று வந்தால் நேற்று வரை நன்றாக இருந்த குரல் தடாலென்று விழும். அது தோல்வி இல்லை, அந்த எழுத்துகளின் குணம். அவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் உதட்டை முழுதாகக் குவிக்காமல், லேசான சிரிப்போடு 'ஓ' சொல்லப் பழகினால் போதும்.

இன்னொன்று, குரலின் கனம். 'ஆமா' என்று சட்டென்று வெட்டித் தொடங்கிப் பாருங்கள், நாண்கள் தட்டி மூடுவது தெரியும். அதையே முன்னால் ஒரு நூல் அளவு 'ஹ' வைத்து, காற்று முதலிலும் குரல் அடுத்ததாகவும் வரும்படி சொல்லுங்கள். கனம் குறைந்துவிடும். கனத்தைக் குறைக்காமல் சுருதியை மட்டும் ஏற்றினால் கூப்பாடு போடுவதுபோல் இருக்கும்.

நளினம், இழுவை என்று சினிமாவில் காட்டுகிற எதையும் சேர்க்க வேண்டாம். உங்கள் சித்தி, பக்கத்து வீட்டு அக்கா, லைனில் உங்களோடு நிற்கிற பெண்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று காது கொடுங்கள். சுருதி ஒரே மட்டத்தில் நிற்காமல் ஒரு வாக்கியத்துக்குள் ஏறி இறங்கும், அழுத்தம் வேண்டிய சொல்லைச் சத்தத்தால் தூக்காமல் நீட்டித் தூக்குவார்கள். அதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பீர்கள்.

இதெல்லாம் நடைமுறையில் எத்தனை நாள் பிடிக்கும் என்பதற்கு என்னிடம் வந்த ஒருவரைச் சொல்கிறேன். அவர் சம்மதத்தோடு, அடையாளத்தை மாற்றி எழுதுகிறேன். பல்லடத்துப் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் திருநங்கை, முப்பதைத் தாண்டியவர். வந்தபோது இயல்பான பேச்சு 115 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தது. வாடிக்கையாளரிடம் பேசுகிற கீச்சுக் குரல் 210. உங்களைப் போலவே 210-லும் 'சார்' கேட்டவர். முதல் மாதம் முழுக்க ஸ்ட்ராவும் 'ங்'கும்தான். அவருக்கு அது சலிப்பு, "இதுக்கா பஸ் ஏறி வர்றேன்" என்று நேராகவே கேட்டார். இரண்டாம் மாதம் தனிச் சொற்கள். மூன்றாம் மாதம் கடையில் தினமும் சொல்கிற வாக்கியங்களை எழுதச் சொன்னேன். 'நேத்தே தெச்சிட்டேனுங்க' முதலில் வந்தது, பெரும்பாலும் முன்வாய் உயிர்கள். 'அளவு ப்ளவுஸ் கொண்டாந்தீங்களா' வர இன்னும் ஒன்றரை மாதம் ஆனது. 'அளவு' என்கிற 'ள'விலும் 'கொண்டா' என்கிற இடத்திலும் குரல் விழுந்துகொண்டே இருந்தது. அந்த இரண்டு சொற்களை மட்டும் தனியாக எடுத்து, 'ங்' முன்னால் வைத்துச் சொல்லிச் சொல்லித்தான் தேறியது.

ஐந்தாம் மாத வாக்கில் ஒரு பக்கம் வாசிக்கும்போது 165, 170-இல் ரெசனன்ஸ் மாறாமல் நின்றது. ஆனால் வாசிப்பு வேறு, பேச்சு வேறு. என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே குரலையும் பிடித்துக்கொள்வது கடினம். தெரிந்த ஒரு தோழியிடம் ஐந்து நிமிடம், பிறகு கடைக்கு வருகிற ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் என்று படிப்படியாகப் போனார். நடுவில் சளி பிடித்து மூன்று வாரம் எல்லாம் நின்றது. அண்ணனோடு சொத்துச் சண்டை வந்த அன்று பழைய குரலில்தான் கத்தினார். மறுநாள் வந்து "எல்லாம் போச்சுங்க" என்றார். எதுவும் போகவில்லை. கோபம், இருமல், தும்மல், தூக்கக் கலக்கம், வாய்விட்ட சிரிப்பு இவற்றில் பழைய குரல் எட்டிப் பார்ப்பது கடைசி வரைக்கும் இருக்கும். நூல் கடைக்குப் போன் போட்டு "சொல்லுங்க மேடம்" கேட்டது எட்டாம் மாதம். அப்புறமும் வாரத்தில் ஒருமுறை 'சார்' வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு வருடம் கழித்து அது அபூர்வமானது. இது நல்ல வேகம் என்றே சொல்வேன். இதைவிட மெதுவாகப் போகிறவர்களும் உண்டு, நல்ல பயிற்சி எடுத்தும் நடுத்தரக் குரலில் நிற்கிறவர்களும் உண்டு.

போனைக் கடைசிக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. நேரில் உங்கள் சேலையும் முகமும் பேச்சுக்கு ஒத்தாசை செய்கின்றன. போனில் குரல் தனியாக நிற்கிறது, எதிராளி முதல் ஓரிரு சொற்களிலேயே முடிவு கட்டிவிடுகிறார். அப்புறம் நீங்கள் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அதை மாற்றிக்கொள்ள மாட்டார். ஆகவே அந்த முதல் வாக்கியத்தை மட்டும் தனியாகத் தயார் செய்யுங்கள். 'ஹலோ'வில் தொடங்க வேண்டாம், அது 'ஓ'வில் போய் விழுகிறது. 'நான்' என்று சொல்லி, உங்கள் பெயரைச் சேர்த்து, 'பேசறேனுங்க' என்று முடியுங்கள். பச்சைப் பொத்தானைத் தொடும் முன் வாயை மூடி 'ம்ம்' என்று 3 கட்டையில் ஒரு முறை முனகிக்கொள்ளுங்கள், அந்த முனகல் நின்ற இடத்திலிருந்தே 'நான்' தொடங்கட்டும். 'பேசறே' என்கிற இரண்டு ஏகாரங்களை லேசாக நீட்டுங்கள், உதட்டில் சிரிப்பு இருக்கட்டும். தோழியின் எண்ணுக்கு நூறு தடவை செய்து பழகிய பிறகு, கேஸ் புக் பண்ணுவது போன்ற அந்நியரிடம் பேசுகிற சின்ன வேலைகளுக்குப் பயன்படுத்துங்கள். அடுத்த வாக்கியம் பழைய குரலுக்குச் சரிந்தாலும் பரவாயில்லை, முதலாவது உங்களைக் காப்பாற்றும்.

உங்கள் வேலை இடத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். செக்கிங் டேபிள் பக்கத்தில் ஓவர்லாக் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். சத்தத்துக்குள் நின்றால் யாருமே தன்னையறியாமல் குரலை உயர்த்துவார்கள், அது உடம்பின் அனிச்சை. புதுக் குரலை அந்தச் சத்தத்தில் பழகினால் கத்தலாகத்தான் பழகும். உங்கள் வலிக்கு வீடியோவைவிட இதுதான் பெரிய காரணமாக இருக்கலாம். பயிற்சியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால் கை தட்டுங்கள், அல்லது பக்கத்தில் போய்ப் பேசுங்கள். பஞ்சுத் தூசிக்கு மாஸ்க், பக்கத்தில் தண்ணீர் பாட்டில். தொண்டையைக் கனைக்கிற பழக்கம் இருந்தால் கனைப்பதற்குப் பதில் ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். ஓவர்டைம் முடிந்து ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறி, காலையில் குரல் கரகரக்கும். திருப்பூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

முன்னேற்றத்தை அளப்பதற்கு வாரம் ஒருமுறை, அதே போனில், அதே இடத்தில், அதே பத்து வரியை வாசித்துப் பதிவு செய்யுங்கள். தினமும் கேட்காதீர்கள். தினமும் கேட்டால் எதுவும் மாறாததுபோல்தான் தெரியும். ஆறு வாரம் கழித்து முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்து ஓட விடுங்கள். பதிவில் உங்கள் குரல் நீங்கள் நினைத்ததைவிட வேறாகக் கேட்கும். நம் குரலை நாம் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் கேட்பதால் நமக்கு அது எப்போதும் தடித்தே தெரியும். அடுத்தவர் காதுக்குப் போவது பதிவில் இருப்பதுதான். சுருதி எண்ணோடு இன்னொன்றையும் குறித்து வையுங்கள், அன்றைக்குச் சாயந்தரம் தொண்டை எப்படி இருந்தது என்று. எண் ஏறி வலியும் ஏறினால் வழி தப்பிவிட்டது என்று அர்த்தம்.

ஆபரேசன் கேட்டிருந்தீர்கள். இரண்டு விஷயத்தை மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். தொண்டை மேட்டைச் செதுக்குவது பார்வைக்கு மட்டும், குரலை மாற்றாது. கவனக்குறைவாகச் செய்தால் குரலைக் கெடுக்கவும் செய்யும். சுருதியை ஏற்றுகிற ஆபரேசன் வேறு. நாண்களின் முன்பகுதியைச் சேர்த்துத் தைத்து, அதிர்கிற நீளத்தைக் குறைப்பது இப்போது அதிகம் செய்யப்படுகிறது. அது சுருதியை ஏற்றும், ரெசனன்ஸைத் தொடாது. அதாவது உங்கள் பிரச்சினையில் நீங்கள் ஏற்கெனவே செய்து முடித்த பாதியைத்தான் அது செய்யும். சத்தமாகப் பேசும் திறன் குறையலாம், கரகரப்பு தங்கலாம், பிறகு பல நாள் வாயே திறக்காமல் இருக்க வேண்டும், அதற்கப்புறமும் பயிற்சி உண்டு. இருமும்போதும் தும்மும்போதும் வருகிற பழைய குரல் தாங்கவே முடியவில்லை என்கிறவர்களுக்கு அது பலன் தரும். ஒரு வருடம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பது என் கருத்து.

தனியாக இதைச் செய்வது கடினம், தவறான இடத்தில் இறுக்குகிறீர்களா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். திருப்பூர், கோவை, பெருந்துறை மூன்று இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதல் பரிசோதனையை முடித்துக்கொண்டு, அங்கேயே ஸ்பீச் தெரபிஸ்ட் யாரிடம் போகலாம் என்று கேளுங்கள். இஎஸ்ஐ அட்டை இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் உள்ளவரா என்று பாருங்கள், இணையத்தில் குரல் மாற்றித் தருவதாகக் காசு வாங்குகிற பலருக்கு அது இருக்காது. திம்பம் மலை ஏறி இறங்கத் தயார் என்றால் மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, குரலுக்கென்றே அங்கே தனிப் பிரிவு உண்டு. திருநங்கைகளுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவம் இல்லாத தெரபிஸ்ட் கிடைத்தாலும் தயங்க வேண்டாம், குரல் நாணைப் பாதுகாக்கிற அடிப்படை எல்லோருக்கும் ஒன்றுதான். உங்களை 'அவன் இவன்' என்று பேசுகிறவராக இருந்தால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

டாக்டர் நாண்களைப் பார்த்துக் கொடுக்கிற ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். முடிச்சு எதுவும் இல்லை என்று வந்தால் முதல் நான்கு வாரம் ஸ்ட்ராவும் 'ங்'கும் மட்டும், சொற்களுக்குப் போகவே வேண்டாம். நாலாவது வாரப் பதிவில் 'ங்ங்ங்ஈ' நெஞ்சு அதிராமல் ஐந்து நொடி நிற்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள், 'கோழி'யையும் 'தோட்ட'த்தையும் எப்படிப் பிடிப்பது என்று அப்போது சொல்கிறேன்.